மவுத்வாஷ், பலாச்சுளை, அரிஷ்டம்: மெஷினில் காட்டுவது எது, உடம்பில் ஏறுவது எது?

கேள்வி: "கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பஸ் டிரைவர். குடியை விட்டு ஏழு மாசம் ஆச்சு. மறுபடி குடிக்காம இருக்க தினமும் டைசல்ஃபிரம் 250 மாத்திரை போடறேன். நேத்து காலைல 5.25-க்கு டிப்போல ஊதினப்ப மெஷின் 14 காட்டிச்சு. டூட்டி குடுக்காம திருப்பி அனுப்பிட்டாங்க. சத்தியமா குடிக்கலைங்க. முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு உடம்பு வலிக்கு வைத்தியர் குடுத்த தசமூலாரிஷ்டம் 30 மில்லி (மூணு வாரமா எடுக்கறேன், குடிச்சா முகம் மட்டும் கொஞ்சம் சூடாகும்). பத்து மணிக்கு இருமல் மருந்து 10 மில்லி. காலைல, முந்தின நாள் வெட்டி வச்ச பலாச்சுளை ஆறேழு. வாசம் போக 5.20-க்கு மவுத்வாஷ். இதுல எது காட்டிச்சு? என் ஏழு மாசக் கணக்கு போச்சா?"

நீங்கள் எழுதியிருக்கும் நேரங்கள் சரியென்றால், அந்த 14 பெரும்பாலும் மவுத்வாஷின் வேலை. பலாவுக்கும் அதில் ஒரு சிறு பங்கு இருக்கலாம். இரவு எடுத்த அரிஷ்டமும் இருமல் மருந்தும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஏழு மாசமும் எங்கேயும் போகவில்லை. ஆனால் அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, முகம் சூடாகிறது என்று, பல வருடங்களாகக் குடிநோய் சிகிச்சையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு மெஷினை விட அதுதான் கவலை. அரிஷ்டத்தை இன்றிரவிலிருந்து நிறுத்துங்கள். ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் மெஷின். அது உங்கள் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. குழாய்க்குள் வந்த காற்றில் எவ்வளவு ஆல்கஹால் என்று பார்த்து, அதை 2100-ஆல் பெருக்கி 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. காற்று நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்திருந்தால் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். வாயிலும் தொண்டையிலும் ஆல்கஹால் ஒட்டிக்கொண்டிருந்தால், வெளியே வருகிற வழியில் காற்று அதையும் வாரிக்கொண்டு வரும். மெஷின் அதையும் சேர்த்து 2100-ஆல் பெருக்கிவிடும். அதனால்தான் ஒரு சொட்டுக்கூட விழுங்காமல் வெறுமனே கொப்பளித்துத் துப்பியவருக்கும், உடனே ஊதினால், நன்றாகக் குடித்தவருக்கு வருகிற எண் வந்துவிடுகிறது. சில மவுத்வாஷில் ஆல்கஹால் 20 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. பழைய ஒரிஜினல் லிஸ்டரினில் 26.9 சதவீதம். கள்ளை விடப் பல மடங்கு அதிகம் இது. துப்பிவிட்டாலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் நாக்கின் அடியிலும் ஒரு படலம் தங்கும். பல்செட் போட்டிருந்தால் அதன் அடியில் இன்னும் கொஞ்சம் நேரம் தங்கும்.

அந்தப் படலம் வேகமாகப் போய்விடும். எச்சில் அதைக் கழுவும், மூச்சு அதை உலர்த்தும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, பத்து நிமிடத்தில் பெரும்பாலும் அடங்கி, 15 நிமிடத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் ஆகிவிடும். ஊதச் சொல்வதற்கு முன் 15 நிமிடம் வாயில் எதுவும் போடாமல், ஏப்பமோ வாந்தியோ வராமல் ஆளைக் கண்ணெதிரே உட்கார வைக்க வேண்டும் என்ற நடைமுறை உலகெங்கும் இருப்பது இதனால்தான். ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் இப்படி ஓடாது. ஈரல் அதை மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் (100 மில்லி ரத்தத்துக்கு) என்ற கணக்கில்தான் குறைக்கும். ஆளுக்கு ஆள் 10 முதல் 20 வரை மாறும், வருடக்கணக்காகக் குடித்தவர்களுக்கு இன்னும் சற்று வேகமாகவும் இறங்கும். எப்படிப் பார்த்தாலும் 20 நிமிடத்தில் ஐந்தாறுக்கு மேல் குறைவது அரிது.

உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த வேக வித்தியாசம்தான். 5.25-க்கு 14 வந்த பிறகு, வெறும் தண்ணீரில் கொப்பளித்து, 5.45-க்கு அதே மெஷினில் புதுக்குழாய் போட்டு இன்னொரு தடவை ஊதியிருக்க வேண்டும். அப்போது 0 வந்திருந்தால் அது வாயிலிருந்த ஆல்கஹால். ரத்தத்தில் 14 இருப்பவருக்கு 20 நிமிடத்தில் 0 வர வழியே இல்லை. அப்போதும் 10, 11 என்று நின்றிருந்தால் அது ரத்தத்தில் இருப்பது. இரண்டாவது தடவை ஊதச் சொல்லாமல் அனுப்பியதுதான் இங்கே நடந்த பெரிய குறை. ஆனால் எண் முதலிலேயே 4, 5 என்று சின்னதாக இருந்தால் இந்தச் சோதனையும் கைகொடுக்காது. ரத்தத்தில் உள்ள 5-கூட 20 நிமிடத்தில் 0-க்கு வந்துவிடும் என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் எடை 65 கிலோ என்று வைத்துக்கொள்கிறேன். ஆணின் உடம்பில் ஆல்கஹால் பரவுகிற இடம் எடையில் சுமார் 0.68 பங்கு, அதாவது 44 லிட்டர் போல. ஒரு மில்லி ஆல்கஹாலின் எடை 0.79 கிராம். இந்த இரண்டும் தெரிந்தால் போதும். இருமல் மருந்தில் 5 சதவீதம் ஆல்கஹால் இருந்தது என்றே வைத்தால், 10 மில்லியில் அரை மில்லி, அதாவது 0.4 கிராம். அது ரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவைக்கூட எட்டாது, சில நிமிடங்களில் எரிந்துவிடும். இன்று கடையில் கிடைக்கும் இருமல் மருந்துகளில் பெரும்பாலானவற்றில் ஆல்கஹாலே இல்லை. லேபிளில் சிறிய எழுத்தில் ஆல்கஹால் அல்லது எத்தனால் இத்தனை சதவீதம் என்று இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அரிஷ்டத்தில் ஆல்கஹாலை யாரும் தனியாக ஊற்றுவதில்லை. வெல்லமும் தேனும் தாதகிப் பூவும் சேர்ந்து புளித்துத் தானாகவே உண்டாகும். தசமூலாரிஷ்டத்தில் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பது வழக்கம். 8 சதவீதம் என்று எடுத்தால் 30 மில்லியில் 2.4 மில்லி, அதாவது 1.9 கிராம். ரத்தத்தில் உச்சமாக 4 மில்லிகிராம் போல ஏறும். ஒன்பது மணிக்குக் குடித்தது பத்து மணிக்குள் போயிருக்கும். எட்டரை மணி நேரம் கழித்து மெஷினில் அதன் சுவடுகூட இருக்காது.

பலாவைப் பற்றி நம் பக்கத்தில் நிறையப் பேச்சு ஓடுகிறது. 2025 ஜூலையில் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. டிப்போவில், வரிக்கைப் பலாவின் சுளையைத் தின்றுவிட்டு ஊதிய டிரைவர்களுக்கு மெஷின் 10 வரை காட்டியது. குடிக்காத ஒருவரை முதலில் ஊத வைத்து 0 என்று பார்த்து, பிறகு அதே சுளையைத் தின்னக் கொடுத்து ஊத வைத்தபோது அவருக்கும் காட்டியது. அதனால் பலா காட்டும் என்பது உண்மைதான். ஆனால் மரத்திலிருந்து பதமாக இறக்கி அன்றே வெட்டிய சுளையில் இது மிகக் குறைவு. நன்றாகப் பழுத்து, வெட்டி, வெயில் காலத்தில் ஒரு ராத்திரி வெளியே இருந்த சுளைதான் வேலையைக் காட்டும். அதில் சர்க்கரை ஏராளம், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்கு ஒரு ராத்திரி போதும். வாயில் வைத்தவுடன் லேசாகச் சுருக்கென்று இருக்கும், வாசத்தில் ஒரு கள் நெடி வரும், சுளையின் மேல் பிசுபிசுப்பாக நீர் விட்டிருக்கும். அப்படி இருந்தால் அது புளிக்கத் தொடங்கிவிட்டது. அதிலும் வயிற்றுக்குள் போவது அற்பம். 250 கிராம் சுளையில் அரை சதவீதம் ஆல்கஹால் இருந்தாலும் 1.25 கிராம்தான், ரத்தத்தில் 3 மில்லிகிராமைத் தொடாது. காட்டுவது வாயில் ஒட்டியிருக்கும் சாறு. நன்றாகப் பழுத்த நேந்திரமும் மாம்பழமும் அப்படியே. இட்லி மாவு, கள் ஊற்றிப் புளிக்க வைத்த ஆப்ப மாவு இரண்டிலும் துளி ஆல்கஹால் உண்டு. வேகும்போது பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் கணக்கில் வராது.

ஆக, மவுத்வாஷ் கொப்பளித்து ஐந்தே நிமிடத்தில் ஊதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் 14 வருவதில் எந்த ஆச்சரியமும் இல்லை. அதைவிட அதிகம் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் டிப்போவில் இருந்தவர் ஏன் நம்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு குவார்ட்டர், அதாவது 42.8 சதவீதத்தில் 180 மில்லி, சுமார் 61 கிராம் ஆல்கஹால். 65 கிலோ உடம்பில் அது ரத்தத்தை 137 வரை ஏற்றும். மணிக்கு 15 என்று இறங்கினால், முந்தின இரவு ஒன்பதேகாலுக்குக் குடித்த ஒருவருக்குக் காலை 5.25-க்கு மிச்சம் இருப்பது ஏறத்தாழ 14. பதினொரு மணிக்குக் குடித்தவருக்கு 40 வரும். அதிகாலை டூட்டிக்கு வருகிறவர்களில் மெஷின் உண்மையிலேயே பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த வகை. தூங்கி எழுந்திருப்பார்கள், தெளிவாகத்தான் இருப்பார்கள், ஆனால் ரத்தம் இன்னும் காலியாகியிருக்காது. அதனால் 14 என்ற ஒற்றை எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது மவுத்வாஷா குவார்ட்டரா என்று உங்கள் மேலதிகாரியாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன நேரங்களை நம்பித்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

சட்டத்தின் கோடு வேறு, டிப்போவின் கோடு வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவில் குற்றமாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான். 14 அதில் வராது. வேலை கொடுக்கிறவர் 0-தான் வேண்டும் என்று வைப்பது துறை ஒழுங்கு. பயணிகளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு அது நியாயமும்கூட. ஆனால் 0-தான் கோடு என்று வைக்கும் இடத்தில்தான் மறுபடி ஊதவைக்கும் நடைமுறை கட்டாயம் தேவைப்படுகிறது. 30-க்குக் கீழே உள்ள சின்ன எண்களை உண்டாக்கத்தான் பழமும் மவுத்வாஷும் வல்லவை.

இனிமேல் டூட்டிக்குப் போவதற்கு முந்தைய அரைமணி நேரம் வாயில் தண்ணீரைத் தவிர எதுவும் போகக்கூடாது. மவுத்வாஷ் வேண்டுமென்றால் ஆல்கஹால் இல்லாதது வாங்குங்கள், லேபிளிலேயே எழுதியிருக்கும். வாசத்துக்கு ஏலக்காயை மென்றாலும் போதும். வாயில் அடிக்கும் ஸ்பிரே, ஹோமியோ சொட்டு மருந்து இரண்டும் மவுத்வாஷ் போலத்தான். ஹோமியோ சொட்டுகள் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரைத்தவை, நாக்கின் மேல் நேராக விடுகிறோம். ஊதுவதற்கு முன்னால் கையில் சானிடைசர் போட்டிருந்தால் அது முழுக்கக் காயட்டும். ஈரக் கையோடு குழாயைப் பிடித்தால் அந்த ஆவியும் உள்ளே போகும். மெஷின் எண் காட்டிவிட்டால் வாதாட வேண்டாம். "தண்ணியில் வாய் கொப்பளிச்சிட்டு இங்கேயே உங்க முன்னாடி உட்கார்றேன், இருபது நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதறேன், ரெண்டு நேரத்தையும் ரெண்டு எண்ணையும் எழுதிக்குங்க" என்று கேளுங்கள். கண்ணெதிரே உட்கார்வது முக்கியம். வெளியே போய்விட்டு வந்தால் என்ன செய்தாரோ என்ற பேச்சு வரும். உடனே திரும்பத் திரும்ப ஊதுவதில் பலனில்லை, வாயில் இருப்பது அப்படியே இருக்கும். இரண்டாவது எண்ணும் நின்றால், அன்றே ரத்தப் பரிசோதனை கேட்பது உங்கள் உரிமைக்கு நல்லது. மூச்சைப் பற்றிய எல்லாச் சந்தேகத்தையும் அது தீர்த்துவிடும். ஆனால் சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

நேற்றைய விஷயத்துக்கு அந்த வழி மூடிவிட்டது. இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. ஃபாஸ்ஃபாடிடைல் எத்தனால் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. ஆல்கஹால் உடம்பில் சுற்றும்போது மட்டும் சிவப்பணுக்களின் சவ்வில் உண்டாகும் பொருள் அது, இரண்டு முதல் நான்கு வாரம் வரை தங்கும். பெரிய தனியார் லேப்கள் மூலம் எடுக்க முடியும். மவுத்வாஷும் பழமும் அதைக் கண்டுகொள்கிற அளவுக்கு ஏற்றுவதில்லை. அது இல்லை என்று வந்தால், கடந்த சில வாரங்களாக நீங்கள் தொடர்ந்து குடிக்கவில்லை என்பதற்கு வலுவான ஆதாரம். ஒரே ஒரு நாள் ஒரு குவார்ட்டர் குடித்ததை மட்டும் அது தவறவிடலாம் என்பதால், அதை முழுச் சாட்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுநீரில் பார்க்கும் எத்தில் குளுக்குரோனைடு பரிசோதனையை இப்போது நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். அது மிக நுட்பமானது, ஒன்றிரண்டு கிராம் ஆல்கஹால் உள்ளே போனாலே காட்டும். மூன்று வாரமாக இரவில் அரிஷ்டம் வழியாக இரண்டு கிராம் ஆல்கஹால் எடுத்த உங்களுக்கு அது நிச்சயம் குழப்பம் உண்டாக்கும். குறைந்த அளவில் நேர்மறையாக வருவதை வைத்து ஒருவரைக் குடித்தார் என்று தீர்மானிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசின் போதை சிகிச்சை அமைப்பே 2006-ல் எச்சரித்திருக்கிறது.

இப்போது அரிஷ்டம். டைசல்ஃபிரம் என்ன செய்கிறது என்றால், ஆல்கஹால் எரியும் பாதையில் இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. முதல் படியில் ஆல்கஹால் அசிட்டால்டிஹைடு ஆகும். அது அடுத்த படிக்குப் போக முடியாமல் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து சூடாவது, கழுத்தில் நாடி துடிப்பது, தலை விண்ணென்று தெறிப்பது, படபடப்பு, குமட்டல், பிரஷர் இறங்குவது எல்லாம் அந்தத் தேக்கத்தால்தான். பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் தொடங்கும். மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பிலேயே, ரத்தத்தில் ஆல்கஹால் 5 முதல் 10 மில்லிகிராம் ஆனாலே லேசான அறிகுறிகள் தொடங்கலாம், 50-ல் முழு வேகத்தில் வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். உங்கள் 30 மில்லி அரிஷ்டம் ஏற்றுவது 4. டைசல்ஃபிரம் இருக்கிற உடம்பில் அது வாசலைத் தொட்டுக்கொண்டு நிற்கிற அளவு. முகம் சூடாவது அதன் முதல் அறிகுறி. வலி கூடிய ஒரு நாள் 60 மில்லியாக எடுத்தீர்கள் என்றால் 8 அல்லது 9, நேராக அந்த வரம்புக்குள். பாட்டிலில் ஆல்கஹால் 8-க்குப் பதில் 10 சதவீதம் இருந்தால், வெறும் வயிற்றில் எடுத்தால், 30 மில்லியே போதுமாக இருக்கலாம். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கும்போது பிரஷர் இறங்கினால் என்ன ஆகும் என்பதை டிரைவரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரிஷ்டத்துக்காக டைசல்ஃபிரத்தை ஒரு வாரம் நிறுத்தலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். நிறுத்த வேண்டியது அரிஷ்டத்தைத்தான். வைத்தியரிடம் டைசல்ஃபிரம் எடுக்கிறேன் என்று சொன்னீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, குடிப்பழக்கம் இருந்தது தெரியவேண்டாம் என்று. சொல்லுங்கள். அதே பத்து மூலிகைகளும் தசமூலக் கஷாயமாகக் கிடைக்கும், மாத்திரை வடிவிலும் கிடைக்கும். கஷாயம் காய்ச்சி இறக்குவது, புளிக்க வைப்பதில்லை. ஆசவம், அரிஷ்டம் என்று முடியும் பெயர்கள் எல்லாமே புளிக்க வைத்தவை என்று நினைவில் வைத்தால் போதும். பல் டாக்டரோ வயிற்று டாக்டரோ மெட்ரோனிடசோல் எழுதினாலும் டைசல்ஃபிரத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் மனக்குழப்பம் வரலாம். மவுத்வாஷைத் துப்பிவிடுவதால் அதில் இந்த ஆபத்து மிகக் குறைவு, ஆனாலும் டைசல்ஃபிரம் எடுக்கிற காலத்தில் ஆல்கஹால் இல்லாததே நல்லது. எப்போதாவது முகம் சூட்டோடு நிற்காமல் தலைசுற்றலோ நெஞ்சுப் படபடப்போ மூச்சுத் திணறலோ வந்தால் படுத்து, காலைத் தூக்கி வைத்து, யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டைசல்ஃபிரம் எடுக்கிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் ஏழு மாசம். குடிக்க வேண்டும் என்று நினைக்காமல், வைத்தியர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவில் எடுத்ததை மறுபடி குடித்ததாக யாரும் கணக்கு வைப்பதில்லை. பழுத்த பழமும் அப்படியே. நான்கு மில்லிகிராம் ஆல்கஹால் மூளையைப் போய்த் திறந்துவிடும் சாவி இல்லை. அளவைப் பொறுத்தவரை அதில் போதை என்பதே கிடையாது. ஆனால் அரிஷ்டத்தில் வேறொரு விஷயம் இருக்கிறது, அதை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசமும், தொண்டையில் இறங்கும் காரமும், இரவு ஒன்பது மணி என்ற நேரமும், மூடியில் அளந்து ஊற்றும் கையும் பழைய பழக்கத்தின் ஜாடைகள். சிலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்கு மூன்று வாரத்தில் 30 மில்லி 45 ஆகும், வலி இல்லாத நாளிலும் ஒன்பது மணியை எதிர்பார்க்கத் தோன்றும், பாட்டில் சீக்கிரம் தீரும். 450 மில்லி பாட்டிலில் பாதியை ஒரே மூச்சில் குடித்தால் 14 கிராம் ஆல்கஹால், ரத்தத்தில் 32. அது சட்டத்தின் கோட்டையே தாண்டும் அளவு. கேரளத்தில் அரிஷ்டத்தைக் குடிக்கவென்றே வாங்குகிறவர்கள் இருப்பது இந்தக் கணக்கால்தான். வீட்டில் ஜாடியில் போட்டு வைக்கிற நெல்லிக்காய் ஒயினும், கிறிஸ்துமஸுக்கு ரம்மில் ஊறிய பழம் போட்ட கேக்கும் கூட இந்த வரிசையில்தான் வரும். முதலாவது மதுவேதான், உணவு என்று நினைத்துத் தொட வேண்டாம். இரண்டாவது, டைசல்ஃபிரம் எடுக்கும்வரை வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்தை ஆல்கஹால் இல்லை என்பதற்காக நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு வகையில் பழக்கமாகும் மருந்து.

உங்கள் பாட்டிலை எடுத்து, மூன்று வாரத்தில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். இரவுக்கு 30 என்றால் 21 நாளில் 630 மில்லி, அதாவது ஒரு பாட்டிலும் இன்னொன்றில் 180-உம் போயிருக்க வேண்டும். அந்த அளவுக்குள் இருந்தால் அது வலிக்கு எடுத்த மருந்து. அதற்கு மேல் போயிருந்தால் அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது முகம் சூடானதோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள். டைசல்ஃபிரம் தொடர்வதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்று அவர் முடிவு செய்ய அந்த எண் அவருக்குத் தேவைப்படும்.